மிதக்கும் தளத்துக்கு எத்தனை டிரம்?

கேள்வி: 4 மீட்டருக்கு 3 மீட்டர் மரத்தளம் ஒன்று கட்டி, மூடிய காலி பிளாஸ்டிக் டிரம்கள் (200 லிட்டர்) மேல் மிதக்கவிடப் போகிறேன். ஆறு பேர் நிற்க வேண்டும். மொத்த எடையை 200 ஆல் வகுத்து வருகிற எண்ணிக்கை போதுமா?

போதாது. உங்கள் தளத்துக்கு 10 டிரம் வாங்குங்கள். நான் முதல்முறை கட்டியபோது நீங்கள் சொல்வது போலத்தான் வகுத்தேன், ஒன்று கூடவே இருக்கட்டும் என்று 6 டிரம் போட்டேன். தண்ணீரில் இறக்கியதும் அழகாக மிதந்தது. அப்புறம் யாரோ "மீன் பாரு" என்று கத்த, எல்லோரும் ஒரே ஓரத்துக்கு ஓட, அந்த ஓரம் முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டது. ஆழம் குறைவான இடம் என்பதால் சிரித்துக்கொண்டே கரையேறினோம்.

முதலில் வகுத்தல் கணக்கையே ஒழுங்காகப் போட்டுவிடலாம். மூடிய டிரம் எத்தனை லிட்டர் தண்ணீரை விலக்குகிறதோ அத்தனை கிலோவைத் தாங்கும். 200 லிட்டர் டிரம் முழுக்க அமிழ்ந்தால் 200 கிலோ, அதில் டிரம்மின் சொந்த எடை சுமார் 9 கிலோ போய்விடும். கடல் நீரில் இரண்டரை சதவீதம் கூடுதலாகத் தாங்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

இனி எடை. ஆறு பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 450. கையில் கொண்டுவரும் பை, சாமான் 50. இதுவரை எல்லோரும் சரியாகத்தான் போடுவார்கள், மரத்தில்தான் கோட்டை விடுவார்கள். 25 மில்லிமீட்டர் பலகை 12 சதுர மீட்டருக்கு 0.3 கன மீட்டர், கன மீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால் 195 கிலோ. அடியில் இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் மொத்தம் 32 மீட்டர் ஓடும், அது ஒரு 105 கிலோ. ஆனால் இது காய்ந்த மரத்தின் எடை. சில வாரம் தண்ணீர்மேல் கிடந்தால் மரம் ஊறிக் கனக்கும், அதற்கு நான் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். போல்ட், பட்டை எல்லாம் சேர்த்து தளம் மட்டும் 375 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் 875 கிலோ.

200 ஆல் வகுத்தால் 4.4, அதாவது 5 டிரம். டிரம்களின் எடையையும் சேர்த்தால் 920 கிலோ ஆகிறது, ஐந்து டிரம்மும் மூழ்கினால்தான் 1000 கிலோ தாங்கும். மிதக்கும், ஆனால் டிரம் முதுகு மட்டும் கொஞ்சம் வெளியே தெரியும் அளவுக்கு. அதனால் முழுச் சுமையிலும் டிரம் பாதிதான் அமிழ வேண்டும் என்பது என் கணக்கு. அப்படியானால் ஒரு டிரம்முக்கு 100 கிலோ, சொந்த எடை போக 91.

```
875 / (100 - 9) = 9.6  →  10 டிரம்
```

சரி, ஏன் பாதி? பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக இல்லை, அந்த ஓரத்துக்கு ஓடும் கூட்டத்துக்காகத்தான். பத்து டிரம்மை நீளமான இரண்டு பக்கத்திலும் ஐந்து ஐந்தாகப் படுக்க வையுங்கள். டிரம்மின் ஒரு முனை தளத்தின் விளிம்போடு ஒட்டியிருக்க, மறுமுனை உள்நோக்கி இருக்க வேண்டும். டிரம் நீளம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், அதனால் ஒரு வரிசையின் நடுவுக்கும் அடுத்த வரிசையின் நடுவுக்கும் 2.1 மீட்டர் வரும். இப்போது ஆறு பேரும் ஒரே விளிம்பில், 20 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறார்கள், அதாவது தளத்தின் நடுவிலிருந்து 1.3 மீட்டரில். சீசாப் பலகை கணக்குதான்: ஆட்கள் டிரம் வரிசையின் நடுவைவிட வெளியே நிற்பதால் அந்தப் பக்கம் அவர்கள் எடையைவிடக் கூடுதலாகச் சுமக்கும், எதிர்ப்பக்கம் மேலே எழும்பப் பார்க்கும்.

```
450 × (1.05 + 1.3) / 2.1 ≈ 504 கிலோ
```

இதோடு தளம், டிரம்கள், நடுவில் வைத்த சாமான் ஆகியவற்றில் பாதி சேர்ந்தால் அந்த ஐந்து டிரம்மும் சுமக்க வேண்டியது ஏறக்குறைய 760 கிலோ. தாங்கக்கூடியது 1000. தளம் 3 மீட்டர் அகலத்தில் ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவாகச் சாயும், பயமாகத்தான் இருக்கும், ஆனால் விளிம்பு தண்ணீருக்கு மேலேயே நிற்கும். இதே கணக்கை 8 டிரம்முக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 800 கிலோ தாங்கும் இடத்தில் 750 வரும், ஒருவர் குதித்தால் போச்சு. என் 6 டிரம்மில் 600 தாங்கும் இடத்தில் 740 வந்திருக்கிறது. சமமாக நின்றால் 6 டிரம் 1200 கிலோ தாங்கும், அன்றைக்கு எங்கள் மொத்த எடை 930தான். மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் கெடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பத்து டிரம்மையும் தளத்தின் நடுவில் நெருக்கி அடுக்கி, வரிசைகளின் இடைவெளி 1.2 மீட்டருக்குக் குறைந்தால், அதே ஆறு பேர் விளிம்புக்குப் போகும்போது அந்தப் பக்கம் 970 கிலோ ஏறும், எதிர்ப்பக்க டிரம்கள் தண்ணீரை விட்டே எழுந்துவிடும். அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் கவிழ்வதுதான். டிரம் குறைவாக இருந்தாலும் விளிம்போரம் வையுங்கள்.

கட்டும்போது டிரம் கீழே விழுந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, தண்ணீர் அதை மேல்நோக்கித்தான் அழுத்தும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே அது உருளாமல் உட்கார வேண்டும், பட்டை என்பது தளம் சாயும்போதும் அலையிலும் நழுவாமல் இருக்கத்தான்.

மூடி விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். வெயிலில் சூடான டிரம்மை மூடித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கும், 40 டிகிரியிலிருந்து 25க்கு வந்தாலே அரை மீட்டர் தண்ணீர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமான உறிஞ்சல் உண்டாகும். வாஷர் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அதனால் விடியற்காலையில் டெஃப்லான் டேப் சுற்றி மூடுங்கள், பிறகு அதே டிரம்மை வெயிலில் வைத்து மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். காற்று விரியும்போது ஓட்டை இருந்தால் குமிழ் வரும். இரண்டு மூடியையும் பாருங்கள், படுக்க வைத்தால் ஒன்றாவது தண்ணீருக்குள்ளோ தண்ணீர் மட்டத்திலோதான் இருக்கும்.

இறக்கிய அன்றே, ஆள் ஏறாமல், நான்கு மூலையிலும் பலகைக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து நான்கும் சமமாக இறங்கியிருந்தால் மரம் ஊறியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கே ஒரு டிரம்மில் தண்ணீர் ஏறிவிட்டது, கழற்றிப் பாருங்கள்.