கர்ப்பகால அரிப்பு: வயிற்றிலா, உள்ளங்கையிலா? (கேள்வி பதில்)

நித்யா, 27 வாரம்: வயிறு ஃபுல்லா அரிக்குது டாக்டர். அத்தை "சொறியாதே, சொறிஞ்சா வரி விழும்"னு திட்டறாங்க. தூக்கத்துல தெரியாம சொறிஞ்சுடறேன். தொப்புளுக்குக் கீழ இப்பவே ரெண்டு மூணு கோடு. எந்த க்ரீம் போட்டா நிக்கும்?

சொறிவதால் வரி விழாது, நித்யா. வயிறு வேகமாகப் பெரிதாகும்போது, தோலின் உள்ளடுக்கில் இருக்கிற நார்கள் இழுபட்டு அறுந்துபோகின்றன. அந்த இடம்தான் வரியாகத் தெரிகிறது. தோல் இழுபடும் அதே நாட்களில் அரிக்கவும் செய்யும். இரண்டும் ஒன்றாக வருவதால் பழி நகத்தின் மேல் விழுகிறது.

வரியை நிறுத்தும் க்ரீம் என்று எதுவும் இல்லை. ஆயிரம் ரூபாய் பாட்டில் செய்வதைத் தேங்காயெண்ணெயும் செய்யும். அதாவது, அரிப்பைக் குறைக்கும். வெந்நீரில் குளிக்காதீர்கள், வெதுவெதுப்பு போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவுங்கள். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தான். இப்போது செந்நிறமாக இருக்கும் வரிகள் பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் மெதுவாக வெளுத்து வெள்ளிக்கோடாக மாறும். முழுவதும் மறையாது. "வரி நீக்கும்" என்று விற்கிற ரெட்டினாய்டு க்ரீம்களை மட்டும் இப்போது தொடவே கூடாது.

கடைசி மாதங்களில் அந்த வரிகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் கிளம்பி, தொப்புளைச் சுற்றி மட்டும் விட்டுவைத்தால், அது முதல் பிரசவத்தில் அதிகம் வரும் ஒரு தோல் தடிப்பு. படாதபாடு படுத்தும், ஆனால் குழந்தைக்கு ஆபத்தில்லை. தொப்புளிலேயே தொடங்கிக் கொப்புளம் கட்டினால் அது வேறு நோய். தோல் மருத்துவரை உடனே பாருங்கள்.

பெயர் வேண்டாம், 24 வாரம்: தொப்புள்லேர்ந்து கீழ கருப்புக் கோடு, முகத்துல திட்டு, கழுத்து அப்படியே கருத்துப்போச்சு. பையன்னா இப்படித்தான் ஆகும்கறாங்க. மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கிட்டேன், போடலாமா?

பையன், பெண் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோடும் திட்டும் ஹார்மோன் வேலை. கோடு தானாக மங்கும். முகத்துத் திட்டுக்கு வெயில்தான் எதிரி. துத்தநாக ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீனைக் காலையில் பூசி, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள்.

நீங்கள் வாங்கிய டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற மூன்றில் ஒன்று எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருந்துக்கடையில் "முகத்துக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றும் கலந்ததைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வெல்வெட் துணி போலத் தடித்து, அக்குளிலும் அப்படியே இருந்தால், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

செல்வி, 33 வாரம்: எனக்கு வயித்துல அரிப்பே இல்ல மேடம். உள்ளங்கையும் பாதமும்தான். பத்து நாளா தூக்கமே இல்ல. ராத்திரி எழுந்து வெறுந்தரையில கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், சீப்பால பாதத்தைத் தேய்க்கிறேன். தோல்ல ஒண்ணுமே இல்ல. கண்ணுல மஞ்சள் இல்லாததால ஈரல் பிரச்சனையா இருக்காதுன்னு அக்கா சொல்றா. ரத்தம் பாத்தாச்சு, எஸ்.ஜி.பி.டி. 36, பைல் ஆசிட் 14. ரெண்டும் நார்மல்னு போட்டிருக்கு. அலர்ஜி மாத்திரை குடுத்திருக்காங்க.

உங்கள் அக்கா சொல்வது பாதி சரி. மஞ்சள் காமாலை என்றால் கண் மஞ்சளாகும், உண்மைதான். ஆனால் கர்ப்பத்தில் பித்தம் ஈரலிலேயே தேங்கும் நோயில் பெரும்பாலானோருக்குக் கண் வெள்ளையாகவேதான் இருக்கும். பைல் ஆசிட் எனப்படும் பித்த அமிலம் ரத்தத்தில் ஏறி, தோலில் தடிப்பே இல்லாத அரிப்பைக் கிளப்புகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், ராத்திரியில் அதிகம், நகக்கீறலைத் தவிர தோலில் எதுவும் இல்லை, 28 வாரம் தாண்டிய கர்ப்பம்: நீங்கள் எழுதியது எல்லாமே அதோடு பொருந்துகிறது. சிறுநீர் கட்டிக் காபி நிறத்திலோ, மலம் வெளிறியோ போனால் சந்தேகம் இன்னும் கூடும்.

"நார்மல்" என்று அச்சடித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.க்கு லேப் தாளில் இருக்கும் 40 என்ற மேல்வரம்பு கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவே குறைந்து, மேல்வரம்பு 30ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஆக உங்கள் 36 கொஞ்சம் அதிகம்தான். இன்னொன்று, அரிப்பு முதலில் வந்து, ரத்தத்தில் தெரிய சில வாரம் ஆவதும் உண்டு. ஒருமுறை சரியாக இருந்தது என்பதோடு விஷயம் முடியாது. அரிப்பு நிற்கவில்லையென்றால் ஒரு வாரத்தில் இரண்டு பரிசோதனையையும் திரும்ப எடுங்கள். அலர்ஜி மாத்திரை தூக்கத்துக்கு உதவும், பித்த அமிலத்தை ஒன்றும் செய்யாது. அதுவரை மென்தால் 1 சதவீதம் கலந்த க்ரீமைப் பாதத்தில் தடவுங்கள், கொஞ்ச நேரமாவது கண் மூட முடியும்.

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்: எங்ககிட்ட ஈரல் டெஸ்ட்டான எல்.எஃப்.டி. மட்டும்தான். பைல் ஆசிட் வெளியே அனுப்பணும், அந்த லேப்ல வெறும் வயிறுன்னு கண்டிப்பா சொல்றாங்க. அதோட இதே மாதிரி வந்த ஒருத்தருக்கு ஆல்கலைன் பாஸ்பேடேஸ் மட்டும் எகிறியிருக்கு. இது ஈரல்தானே?

சாப்பிட்டபின் பித்த அமிலம் ஏறும். குழந்தைக்கு எட்டக்கூடிய உச்ச அளவுதான் நமக்குத் தெரியவேண்டியது. அதனால் சாப்பிட்டவரிடமே எடுக்கலாம். 19, 40, 100 மைக்ரோமோல் என்று இப்போது பிரிட்டனில் வைத்திருக்கும் எல்லைகளும் அப்படி எடுத்த ரத்தத்துக்கானவை. நம்மூரில் 10ஐத் தாண்டினாலே நோய் என்று எடுக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இதில் இன்னும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. எந்த எல்லையை எடுத்தாலும், தாளில் "சாப்பிட்டபின்" என்றோ "வெறும் வயிறு" என்றோ எழுதி அனுப்புங்கள், பார்ப்பவர் குழம்பமாட்டார்.

ஆல்கலைன் பாஸ்பேடேஸ் நஞ்சுக்கொடியிலிருந்தும் வருகிறது. கடைசி மாதங்களில் அது தனியாக ஏறியிருந்தால் அதை வைத்து ஈரல் என்று சொல்ல முடியாது. எஸ்.ஜி.பி.டி.யையும் அரிப்பின் இடத்தையும் பாருங்கள். எல்.எஃப்.டி. சரியாக இருந்தும் உள்ளங்கை அரிப்பு தொடர்ந்தால், மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிவிடுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

செல்வி, 34 வாரம்: நீங்க சொன்னபடி திரும்ப எடுத்தேன். பைல் ஆசிட் 52, எஸ்.ஜி.பி.டி. 118. எடை 62 கிலோ. ஒரே குழந்தைதான். உர்சோ 300 மில்லிகிராம் காலை, ராத்திரி குடுத்திருக்காங்க. பயமா இருக்கு. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?

34 வாரத்தில் இந்த எண்ணுக்காக எடுக்க வேண்டியதில்லை, செல்வி. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019ல் பார்த்தபோது, ஒற்றைக் குழந்தையில் பித்த அமிலம் 40க்குக் கீழே இருந்தவர்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது ஆயிரத்துக்கு ஒன்றையொட்டி. 40 முதல் 99 வரை ஆயிரத்துக்கு மூன்றையொட்டி. 100ஐத் தாண்டியவர்களில்தான் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போனது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்.

பிரிட்டன் வழிகாட்டலில் உங்கள் அளவுக்கு 38 முதல் 39 வாரத்தில் பிரசவம் என்று இருக்கிறது. 100ஐத் தாண்டினால் 35, 36 வாரம். உங்கள் மருத்துவர் 37 என்று சொன்னால் அதுவும் தவறில்லை, அமெரிக்காவில் 36 முதல் 39 வரை இடம் விட்டிருக்கிறார்கள். வலி வரவழைத்துச் சுகப்பிரசவமாகவே போகலாம். இந்த நோய் மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. அதுவரை வாரத்துக்கு ஒருமுறை பைல் ஆசிட் எடுங்கள். முடிவை மாற்றுவது அந்த எண்தான்.

மருந்தின் அளவு சரி. நாளைக்கு 600 என்றால் கிலோவுக்கு 10 மில்லிகிராமை ஒட்டி வருகிறது. ஆனால் அது என்ன செய்யும் என்பதில் தெளிவு வேண்டும். அரிப்பைக் கொஞ்சம் குறைக்கலாம். குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று பெரிய சோதனையில் நிரூபணமாகவில்லை. மாத்திரை சாப்பிடுகிறோமே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனும் இதயத்துடிப்புப் பதிவும் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும், அடுத்த நாளுக்கு உத்தரவாதம் இல்லை. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், காலைவரை பார்க்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு கணவர்: என் மனைவிக்கும் ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்திட்டோம், அம்மா தினமும் கீழாநெல்லி அரைச்சுத் தர்றாங்க. 30 வாரம். இது அந்த நோயா?

இது வேறு. ஸ்கேனில் தெரியும் ஈரல் கொழுப்பும், மேலே பேசிய பித்தத் தேக்கமும் ஒன்றல்ல. பித்தத் தேக்கம் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் எடுப்பதே பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். எண்ணெயைக் குறைப்பது நல்லது, ஆனால் அதனால் பித்த அமிலம் இறங்காது. கீழாநெல்லியை நிறுத்துங்கள். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்றில்லை, எண்கள் மாறினால் காரணத்தைப் பிரிக்கவும் முடியாது. உங்கள் மனைவிக்கு அரிப்பு இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை, அவரிடம் கேட்டு எழுதுங்கள். வாந்தி, மேல்வயிற்று வலி, கடும் தலைவலி, கண் மஞ்சள் இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ரேவதி, குழந்தைக்கு 2 மாதம்: எனக்கு இந்த நோய் இருந்துச்சு. பிரசவமாகி நாலு நாள்ல அரிப்பு போயிடுச்சு. இனிமே டெஸ்ட் வேணாம்தானே? கருத்தடை மாத்திரை ஆரம்பிக்கலாமா?

அரிப்பு போனது சரி, எல்.எஃப்.டி. இறங்கியதா என்று ஒருமுறை பாருங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் பார்த்திருக்க வேண்டியது, இப்போது எடுங்கள். இறங்காமல் நின்றால் காரணம் கர்ப்பமல்ல, ஹெபடைட்டிஸ் சி உட்பட வேறு எதையாவது தேட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை அதே அரிப்பைத் திரும்பக் கிளப்பக்கூடும், பால் கொடுக்கும் இந்த மாதங்களுக்கு அது பொருத்தமும் இல்லை. காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வர வாய்ப்பு பாதிக்கு மேல். அதனால் முதல் பரிசோதனைக்குப் போகும்போதே சொல்லிவிட்டு, எல்.எஃப்.டி.யை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அரிப்பு தொடங்கினால் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும்.