எழுத்தை எண்ணாதீர்கள், மெட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கேள்வி: அலுவலக விழாவில் பாடுவதற்காக, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் எங்கள் அலுவலகத்தைக் கேலி செய்து வரிகள் எழுதினேன். எழுத்து எண்ணிக்கை மூலப் பாட்டோடு சரியாக ஒத்துப்போகிறது. ஆனாலும் பாடும்போது இடிக்கிறது. யாரும் சிரிக்கவும் இல்லை. எங்கே தவறு?

பதில்:

தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பணி நிறைவு விழா என்றால் எங்களிடம் சால்வை, பழத்தட்டு, அதன் பிறகு ஒரு கேலிப் பாட்டு. ஏழெட்டு ஆண்டுகளாக அந்தப் பாட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் இரண்டு பாட்டுகள் உங்களுடையதைப் போலவேதான் இடித்தன. கடைசியாகக் கண்காணிப்பாளருக்கு எழுதியதையே எடுத்துச் சொல்கிறேன்.

மூலப் பாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த வரிகள் உங்கள் காதில் ஓட ஆரம்பித்துவிடும், நான் காட்ட வந்தது மறைந்துவிடும். இதற்காகத்தான் நானும் முதலில் மூல வரிகளை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே மெட்டை வெறும் தத்தகாரமாக எழுதிக்கொண்டு, மேல் பாதியைக் கிழித்துவிடுவேன். பல்லவி இப்படி வந்தது:

தானன தானன தானன தானா
தனதன தானா தனதன தானா

ஒவ்வொரு துண்டும் நான்கு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. நான் எழுதிய முதல் வரி இது:

காலையில் கையெழுத்தாயிற்று போதும்

ஒற்றை விட்டுவிட்டு எண்ணினால் எழுத்துகள் மிகச் சரி. 'தானன' என்பதற்கு மூன்று, 'தாயிற்று' என்பதற்கும் மூன்று. பாடினால் மட்டும் அந்த இடத்தில் பஸ் வேகத்தடையில் ஏறியது போல ஒரு குலுக்கல். காரணம் 'ற்'. நடுவில் வல்லின ஒற்று வந்தால், அதற்கு முன் உள்ள குறில் ஒரு மாத்திரையில் அடங்காது. 'யிற்' என்பது நெடிலைப் போல இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நான்கு மாத்திரை இருக்கையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒருவர் விழத்தானே வேண்டும்? 'ஆயிற்று' என்பதை 'ஆனது' என்று மாற்றினேன்.

காலையில் கையெழுத்தானது போதும்
கணினியின் முன்னே கனவுகள் காணும்

வழுக்கிக்கொண்டு போனது. 'கையெழுத்' என்பதிலும் 'த்' இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது தாளத் தட்டுக்குச் சற்று முன்னால் வருகிறது. தட்டு விழும்போது அடுத்த 'தா'வோடு சேர்ந்து விழுந்துவிடுவதால் காதுக்கு மிகையாகத் தெரிவதில்லை. துண்டின் கடைசியில் வரும் ல், ன், ம் போன்றவற்றையும் பாடுகிறவர் எளிதாக விழுங்கிவிடுவார். 'காலையில்' இடிக்காமல் போவது அதனால்தான். அதில் உள்ள 'லை'யும் கவலை தராது, சொல்லின் நடுவில் வரும் ஐ ஒரு மாத்திரையாகக் குறுகிவிடும். பள்ளியில் ஐகாரக் குறுக்கம் என்று மனப்பாடம் செய்தது, நாற்பது வயதில் கேலிப் பாட்டுக்கு உதவியது.

ஆகவே எண்ணுவதைவிடத் தட்டிப் பார்ப்பது நல்லது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வரியைப் பாடாமல் பேசுங்கள். எந்தத் தட்டுக்கு நாக்கு தாமதமாக வருகிறதோ அந்தச் சொல்தான் குற்றவாளி.

இனி சிரிப்பு வராத பிரச்சினை. அடுத்த இரண்டு வரியை நான் முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

மேலதிகாரியின் மேசையின் மேலே
மலைமலையாகக் குவியுது கோப்பு

ஒத்திகையில் இதைப் பாடிய அக்கா, கடைசிச் சொல்லில் தடுமாறிவிட்டார். மெட்டு அங்கே 'தானா' என்று நீண்டு நிற்கிறது. 'கோப்பு' என்பதிலோ கடைசியில் குற்றியலுகரம். அரை மாத்திரை எழுத்தை இரண்டு மாத்திரைக்கு இழுத்தால் 'கோப்பூ' என்றாகி, ஏதோ புதுவகைப் பூ போலக் கேட்கிறது. தோவாளைச் சந்தையில் கூடக் கிடைக்காத பூ. மெட்டு நீளும் இடத்தில் நெடில் வேண்டும். அல்லது 'ம்', 'ன்' போல முனகி நிற்கக்கூடிய மெய்யில் முடிய வேண்டும். 'டார்கெட்', 'ஆடிட்' போன்றவற்றையும் அங்கே வைக்காதீர்கள். 'ட்' வந்ததும் குரல் கதவடைத்துவிடும், இசை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, அந்த வரியில் எதிர்பாராதது எதுவுமே இல்லை. அதிகாரியின் மேசையில் கோப்புதான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்கிறவர் இரண்டு விஷயங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்: ஏற்கெனவே தெரிந்த பழைய வரி ஒன்று, பேச்சுப் போகிற போக்கில் தானே ஊகிக்கும் சொல் ஒன்று. இரண்டும் அல்லாத மூன்றாவது, அதுவும் மெட்டு நிற்கும் கடைசி இடத்தில், வந்து விழ வேண்டும். எங்கள் கண்காணிப்பாளர் பதினொரு மணி வடைக்குப் பெயர் போனவர். வரியை இப்படி மாற்றினேன்:

மேலதிகாரியின் மேசையின் மேலே
தினசரி தீரும் வடைகளும் டீயும்

'தீரும்' என்ற சொல்தான் இங்கே வேலை செய்கிறது. கோப்பும் தீரும், வடையும் தீரும். 'தினசரி தீரும்' என்றதும் கேட்கிறவர் மனம் 'கோப்பு' என்று முந்திக்கொண்டு போகும். மெட்டும் அங்கே அரை மூச்சு நிற்கிறது. பிறகு வடை. இதே வரியை 'வடைகளும் டீயும் தினசரி தீரும்' என்று புரட்டிப் போட்டாலும் மாத்திரை சரியாகவே இருக்கும், ஆனால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். பாடிப் பாருங்கள்.

மூலத்தின் ஒலியை எவ்வளவு ஒட்ட வேண்டும் என்றும் யோசித்திருப்பீர்கள். முதல் சொல்லிலும் வரி முடிவிலும் ஒட்டினால் போதும். இதில் எங்கள் ஊரிலேயே பெரிய ஆசான் இருந்தார். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தைக் 'கிந்தனார்' ஆக்கினார். நந்தன் கிந்தன் ஆனதும், அடுத்து வரப்போவது என்ன வகை என்று சபைக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் கோயிலை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாம், யாரும் வழி தவற மாட்டார்கள். முழுப் பாட்டையும் சொல்லுக்குச் சொல் திரித்தால் அது விடுகதைப் போட்டி ஆகிவிடும்.

சரணத்தில் வேறொரு தொல்லை. பெரும்பாலான பாட்டுகளில் மெட்டு அங்கே மேலே ஏறும். குமரி மாவட்ட அலுவலகங்களின் நிரந்தரத் துயரமான உள்ளூர் விடுமுறையை அதற்கு எடுத்துக்கொண்டேன். ஓணத்துக்கு விடுவார்கள், சுசீந்திரம் தேருக்கு விடுவார்கள், மண்டைக்காட்டுக் கொடைக்கு விடுவார்கள், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு விடுவார்கள். பிறகு அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று அறிவிப்பு வரும்.

ஓணமும் தேர்களும் ஊர்க்கொடை யாவும்
விடுமுறை தந்தே சனிகளை வாங்கும்

முதலில் 'ஊர்க்கொடை எல்லாம்' என்றுதான் இருந்தது. மெட்டின் உச்சி சரியாக 'எல்' மீது வந்தது. பழகாத குரலுக்கு உச்சியில் எ, இ, உ எல்லாம் தொண்டையை இறுக்கும். வாய் திறக்கும் ஆ இருந்தால் ஏறிவிடலாம். 'யாவும்' என்று மாற்றியதும் அக்கா மூச்சுத் திணறாமல் போய்விட்டார். 'தந்து' என்பதைத் 'தந்தே' ஆக்கியது, மேலே சொன்ன குற்றியலுகரத்துக்கான மருந்து. இந்த ஏகாரத்தைக் கணக்காகப் பயன்படுத்துங்கள். வரிக்கு வரி ஏ போட்டால் பஜனை மடத்து வாசனை வந்துவிடும். சனிக்கு இருக்கும் இரண்டாவது பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

கரோக்கி இசையையும் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக்கு இறக்கிக்கொண்டோம். அதைச் செய்யாமல் வரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்வேன். கைப்பேசியில் பதிவு செய்து, வரிகளைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, காதில் விழுவதை எழுதச் சொல்வேன். இந்த முறை என் மனைவி எழுதினார். இரண்டாவது சரணத்தில் கண்காணிப்பாளரின் பணிமூப்பைப் புகழ்ந்திருந்தேன். மெட்டு 'பணி'க்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. தாளில் 'பணி' ஒரு வரியிலும், அடுத்த வரியில் தனியாக 'மூப்பு' என்றும் இருந்தது. ஓய்வு பெறுகிற மனிதரை மேடையில் உட்காரவைத்து, மைக்கில் மூப்பு என்று ஐந்து பேர் சேர்ந்து பாடினால் எப்படி இருக்கும்? சொல் உடைவது தவறல்ல. 'மேலதி காரியின்' கூட உடைகிறது, ஆனால் அங்கே மெட்டு நிற்காமல் ஓடுவதால் காது ஒட்டிக்கொள்கிறது. மூச்சு விழும் இடத்தில்தான் உடையக்கூடாது. அந்தச் சரணத்தையே எடுத்துவிட்டேன்.

வடை வரியை மட்டும் முன்கூட்டியே அவரிடம் காட்டி அனுமதி வாங்கினேன். எழுதும் மும்முரத்தில் இதை மறந்துவிடாதீர்கள். அடுத்த மாதமும் அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பாட்டை இணையத்தில் ஏற்றவும் இல்லை. மெட்டும் இசையும் நம்முடையவை அல்ல.

விழா அன்று 'தினசரி தீரும்' என்று பாடி நிறுத்திய அந்த அரை மூச்சில், பின்வரிசையிலிருந்து யாரோ உரக்கக் "கோப்பு!" என்றார்கள். வடை வந்தபோது கூடம் அதிர்ந்தது. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "மக்களே, அந்தத் தாளைக் கொண்டு வா" என்றார். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்:

"பார்வையிடப்பட்டது. வடைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்து மீண்டும் சமர்ப்பிக்கவும்."