படத்தில் தெரிவது மாடல். செய்தவர் பெயர் சீட்டுக்கு அடியில்

கேள்வி: ஒரு காபி கடைப் படத்தில் வட்ட சீட்டும் வளைந்த மர முதுகும் உள்ள நாற்காலி இருக்கிறது. இது என்ன ஸ்டைல், எந்தக் கம்பெனி செய்தது? இதே மாதிரி குறைந்த விலையில் கிடைக்குமா?

நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னித் தருவது என் தொழில். இந்த நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதில்தான் என் பகல் பொழுது போகிறது. அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் தாண்டிப் போக முடியவில்லை. நான் ஏலக் கம்பெனி மதிப்பீட்டாளர் அல்ல, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏலத்துக்குப் போகாத, வீட்டில் உட்காரும் நாற்காலிகளை நிறையப் பார்த்தவன்.

நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு நான்கோ ஆறோ தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேடலில் 'தோனெட்' என்ற பெயர் வந்திருக்கும், விலையைப் பார்த்து மூடிவைத்திருப்பீர்கள்.

ஸ்டைலுக்குப் பெயர் பென்ட்வுட், அதாவது ஆவியில் வேகவைத்து வளைத்த மரம். இதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் மிக்கேல் தோனெட். 1859இல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலிதான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தது. ஆறு மரத் துண்டுகள், பத்து திருகுகள், இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும். அதனால்தான் கப்பலேறி உலகத்துக் காபி கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இப்போது படத்தில் முதுகைப் பாருங்கள். வெளி வளைவுக்குள் இன்னொரு வளைவு இருக்கும். உள் வளைவின் இரு நுனியும் வெளிப்பக்கம் விரிந்து வெளி வளைவிலேயே சேர்ந்துவிட்டால் அது 14 வகை. உள் வளைவு ஒடுங்கி நேராகக் கீழே இறங்கி சீட்டின் பின் விளிம்பில் ஊன்றியிருந்தால் 18 வகை. அது 1876இல் வந்தது. விற்பவர்கள் இரண்டையுமே '14' என்று போட்டுவிடுகிறார்கள். படத்தை வைத்துத் தேடும்போது முழு அறையையும் கொடுக்காமல், முதுகு மட்டும் தெரியும்படி வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். மேசையும் விளக்கும் கூட இருந்தால் தேடல் அவற்றின் பின்னால் ஓடிவிடும். மாடலை உறுதி செய்ய, தோனெட் கம்பெனியின் 1904ஆம் ஆண்டுப் படப் பட்டியல் மறுபதிப்பாக வந்திருக்கிறது. அதில் ஒவ்வொரு மாடலும் எண்ணோடு வரைந்திருக்கும்.

செய்தவர் யார் என்பது மட்டும் முன்பக்கப் படத்தில் தெரியாது. இதில் நான் கறாராக இருக்கிறேன் என்று சிலர் கோபப்படலாம். காரணம் இருக்கிறது. தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தது. அதற்கப்புறம் கோன், பிஷெல் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் அதே வடிவத்தை அதே `beech` என்னும் பீச் மரத்தில் செய்தன. எதிரே நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழைய சாமான் விற்கும் ஒருவர் நான்கு நாற்காலியின் படம் போட்டு 'ஒரிஜினல் தோனெட் 14' என்று எழுதியிருந்தார். விலையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி இருந்தது. "அண்ணா, இது நிஜமா? அட்வான்ஸ் கேட்கிறார்" என்று படத்தை எனக்கு அனுப்பினாள். படம் மேலிருந்து சாய்வாக எடுத்தது. ஆனாலும் உள் வளைவு சீட்டு வரை இறங்குவது தெரிந்தது, ஆக 14 இல்லை. சீட்டின் அடிப்பக்கம் படம் வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். "பழைய சாமான் அப்படித்தான் இருக்கும், வேணும்னா எடுங்க" என்று பதில் வந்ததாம். விடாதே என்றேன். சீட்டு வளையத்தின் உள்பக்கச் சுவரில்தான் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும். சில நாற்காலிகளில் கூடவே ஒரு காகித லேபிளும் ஒட்டியிருக்கும். காகிதத்தை யார் வேண்டுமானாலும் பெயர்த்து இன்னொன்றில் ஒட்டலாம், அதனால் மரத்தில் பதித்த முத்திரையைத்தான் நான் நம்புவேன்.

கடைசியில் படம் வந்தது. நேராக வெளிச்சம் அடித்து எடுத்ததால் மங்கலாக ஒரு கறைதான் தெரிந்தது. மொபைல் டார்ச்சை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னோம். அப்படிப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். மூன்று எழுத்து தெளிவாக வந்தது: `OHN`. தோனெட் முத்திரை `THONET`. அதில் H முதலில், O அப்புறம். `OHN` என்ற வரிசை அதில் வரவே வராது. அது `KOHN`. அதாவது ஜேக்கப் அண்ட் ஜோசப் கோன், தோனெட்டுக்குப் பெரிய போட்டியாக இருந்த கம்பெனி. 1914இல் அது முண்டுஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்தது, 1920களில் தோனெட்டும் அதே குழுமத்துக்குள் வந்தது. நாற்காலி நல்ல பழசு, நல்ல வேலை. சொன்ன பெயர்தான் இல்லை.

முத்திரையோடு நாட்டுப் பெயர் இருந்தால் அதையும் பாருங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அது 1918க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அந்த நாடே அப்போதுதான் உருவானது. '1880களின் நாற்காலி' என்று சொல்பவரிடம் இந்த ஒன்றைக் காட்டினால் போதும்.

படம் என்றதும் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் பின்னி முடித்த ஒரு நாற்காலியைப் படமெடுத்து என் பக்கத்தில் போட்டிருந்தேன். ஒரு ஆன்லைன் விற்பனைக் கடை அதை அப்படியே எடுத்து, ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு, தங்கள் புதுச் சரக்கு என்று போட்டிருக்கிறது. கேட்டதற்குப் பதில் இல்லை. அவர்கள் அனுப்பியதோ பிளாஸ்டிக் பிரம்பு போட்ட வேறு நாற்காலி. வாங்கியவர் என்னிடம் வந்து சண்டை போட்டார். விரல் வெடிக்க வெடிக்கப் பின்னியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் சொல்கிறேன், ஒரே படம் நான்கு கடைகளில் வந்தால் அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் நாற்காலியை இன்று எடுத்த படமாகக் கேளுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது அந்த வடிவமும் உறுதியும் என்றால் தோனெட் பெயருக்குக் காசு கொடுக்க அவசியமில்லை. செக் நாட்டின் பிஸ்த்ரிட்சே பொத் ஹோஸ்தினெம் ஊரில் 1861 முதல் தோனெட் நடத்திய தொழிற்சாலைதான் இன்றைய டான் கம்பெனி. போலந்தின் ரடோம்ஸ்கோவில் 1881இல் தோனெட் தொடங்கிய தொழிற்சாலையின் தொடர்ச்சி பமெக். இரண்டும் இன்றும் மரத்தை ஆவியில் வளைத்தே செய்கின்றன. ஜெர்மனியில் இன்றுள்ள தோனெட் கம்பெனி அதே 14ஐ `214` என்ற எண்ணில் விற்கிறது, அது விலை கூடியது. `TON chair 14`, `TON chair 18`, `Fameg bentwood chair` என்று தேடிப் பாருங்கள். காபி கடைகள் மூடும்போது இவை மொத்தமாக, பாதிக்கும் கீழே விலைக்கு வருவது உண்டு.

பெயரில்லாத மலிவு நாற்காலி என்றால் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள், முதுகின் உச்சி வளைவு. பின்கால் இரண்டும் முதுகு வளைவும் சேர்ந்து ஒரே கம்பாக இருக்க வேண்டும். மர ரேகை ஒரு காலில் தொடங்கி, உச்சியில் வளைந்து, மறு காலில் இறங்க வேண்டும். ஆவியில் வெந்த பீச் மரம் நன்றாக நசுங்கிக் கொடுக்கும், ஆனால் இரண்டு சதவீதம் நீண்டாலே வெளிப்பக்கம் பிளந்துவிடும். அதற்காகத்தான் வளைக்கும்போது வெளிப்பக்கம் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். மரம் நீள முடியாமல், உள்பக்கம் நசுங்கி வளையும். அந்த வேலையைத் தவிர்க்க நினைப்பவர்கள் பலகையில் வளைவுகளை அறுத்து உச்சியில் ஒட்டுப் போடுவார்கள். அப்படிச் செய்ததில் ரேகை வளைவோடு போகாது, குறுக்கே ஓடி விளிம்பில் அறுந்து நிற்கும். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில்தான் உடையும். பெயின்ட் அடித்திருந்தால் ரேகை தெரியாது. அப்போது உச்சி வளைவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டு இருந்தால் மெல்லிய கோடு தட்டும்.

பழையதில் ஆட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சீட்டையும் முதுகையும் சேர்க்கும் போல்ட்டை இறுக்கினால் நின்றுவிடும். அந்த போல்ட் துளையிலிருந்து பின்காலில் விரிசல் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். சீட்டின் பிரம்பு கிழிந்திருந்தால் அது உங்களுக்குப் பேரம் பேச வசதி. வளையத்தைச் சுற்றிச் சின்னத் துளைகள் இருந்தால் கையால் பின்ன வேண்டும், கூலி ஆகும். துளைக்குப் பதில் ஒரு பள்ளம் சுற்றி ஓடினால் ரெடிமேட் பிரம்புப் பாயை வெட்டி அழுத்திப் பொருத்திவிடலாம், சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. பணம் பேசுவதற்கு முன் இது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை அந்த நான்கையும் எடுத்துக்கொண்டாள், தோனெட் விலைக்கு அல்ல. முத்திரைப் படத்தை விற்பவருக்கே திருப்பி அனுப்பி "இது கோன், நீங்களே படியுங்கள்" என்றாள். அவர் பாதிக்கு மேல் இறங்கி வந்தார். சீட்டின் மேல் யாரோ பிளைவுட் வட்டம் ஆணியடித்திருந்தார்கள். கழற்றியபோது அடியில் துளைகள் அடைபடாமல் இருந்தன. இரண்டுக்கு நான் பின்னிக் கொடுத்தேன், மீதி இரண்டில் பிளைவுட்டே இப்போதைக்கு இருக்கட்டும் என்றாள். மேசைக்குக் குறைந்த இரண்டுக்கு டானின் 18ஐப் பழையதாகவே வாங்கினாள். வாங்கும் முன் தரையிலிருந்து சீட்டு வரை அளக்கச் சொன்னேன். பழைய நாற்காலிகளில் நுனி உளுத்த கால்களை அறுத்துக் குட்டையாக்கியிருப்பார்கள், கலந்து போட்டால் ஒருவர் தாழ்ந்து உட்கார வேண்டியிருக்கும். இவளுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், கால் நுனியில் ஃபெல்ட் துணி வட்டம் ஒட்டிச் சமாளித்தோம்.

உங்கள் படத்தில் உள் வளைவு எங்கே முடிகிறது என்று பார்த்து கமென்ட்டில் போடுங்கள். அடிப்பக்கப் படம் கிடைத்தால் அதையும் போடுங்கள், முத்திரையைப் படித்துச் சொல்கிறேன். விலை மதிப்பு மட்டும் கேட்காதீர்கள், அதை நான் சொல்வதில்லை.