கோஎஃபிஷியன்ட் பாதியா குறைஞ்சது ஏன்?

வாசகர் கேள்வி: மேடம், நான் எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கறேன். கலிஃபோர்னியா ஸ்கூல் டேட்டா குடுத்து ரெக்ரஷன் போடச் சொன்னாங்க. ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்கங்கறத மட்டும் வெச்சு டெஸ்ட் ஸ்கோருக்குப் போட்டா −2.28 வருது. இங்கிலீஷ் இன்னும் கத்துக்கிட்டு இருக்கற பிள்ளைங்களோட பர்சன்ட்டையும் சேர்த்தா −1.10 ஆயிடுது. மீதி எங்க போச்சு? கிளாஸ்ல "ஒமிட்டட் வேரியபிள் பயஸ், டவுன்வர்ட்"னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க. 2.28 தானே பெருசு, அப்ப அது எப்படி டவுன்வர்ட்? அல்ஜிப்ராவோட சொல்லுங்க ப்ளீஸ்.
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: மீதி எங்கயும் போகலங்க, கடைசி பைசா வரைக்கும் கணக்கு இருக்கு. எடுத்துக் காட்டறேன், பேப்பரும் பேனாவும் பக்கத்துல வெச்சுக்கோங்க.

உங்ககிட்ட இருக்கறது 420 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட டேட்டா, 1998-99 வருஷத்தோடது. ஸ்கோரை Y-ன்னு வெச்சுப்போம், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்கங்கறது X, இங்கிலீஷ் கத்துக்கற பிள்ளைங்க பர்சன்ட் Z. இப்ப மூணு ரெக்ரஷன் எழுதறோம். நீங்க போட்டது ரெண்டு தான், மூணாவதை யாரும் போடச் சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனா விஷயமே அதுல தான் இருக்கு.

```
பெருசு :  Y = b0 + b1·X + b2·Z + e
சிறுசு :  Y = a0 + a1·X + v
துணை  :  Z = d0 + d1·X + w
```

b1 தான் உங்க −1.10, a1 தான் −2.28. துணை ரெக்ரஷன்ல ஸ்கோரே கிடையாது பாருங்க. விட்டுப்போன வேரியபிளை, உள்ள இருக்கற வேரியபிள் மேல போட்டிருக்கோம், அவ்ளோ தான்.

சிறுசோட ஸ்லோப்புக்கு ஃபார்முலா உங்களுக்குத் தெரியும்:

```
a1 = Σ(X−X̄)Y / Σ(X−X̄)²
```

இந்த Y இருக்கற இடத்துல பெரிய ரெக்ரஷனை அப்படியே தூக்கிப் போடுங்க. b0 ஒரு நிலையான எண், Σ(X−X̄) எப்பவும் பூஜ்யம், அதனால அது காணாம போயிடும். b1·X டெர்ம்ல Σ(X−X̄)X-ம் Σ(X−X̄)²-ம் ஒண்ணு தான், மேல கீழ அடிபட்டு வெறும் b1 நிக்கும். மிச்சம் ரெண்டு டெர்ம்:

```
a1 = b1 + b2·[Σ(X−X̄)Z / Σ(X−X̄)²] + [Σ(X−X̄)e / Σ(X−X̄)²]
```

கடைசி டெர்ம் பூஜ்யம். ஏன்னா e-ங்கறது பெரிய ரெக்ரஷனோட ரெசிடுவல், அந்த ரெக்ரஷன்ல X உள்ள இருக்கு, உள்ள இருக்கற ஒவ்வொரு வேரியபிளோடயும் ரெசிடுவலைப் பெருக்கிக் கூட்டினா பூஜ்யம் வரணும்ங்கறது தான் லீஸ்ட் ஸ்கொயர்ஸோட நார்மல் ஈக்வேஷனே. இப்ப நடுவுல இருக்கற பிராக்கெட்டை நல்லா பாருங்க. மேல எழுதின ஸ்லோப் ஃபார்முலாவே தான், Y-க்கு பதிலா Z இருக்கு. அதாவது அது d1.

```
a1 = b1 + b2·d1
```

இதுல தோராயம்னு ஒண்ணுமே இல்ல, சாம்பிள் பெருசா இருக்கணும்னு இல்ல, எந்த அஸம்ப்ஷனும் வேண்டாம், எந்த டேட்டால போட்டாலும் நிக்கும். உங்க டேட்டால b2 கிட்டத்தட்ட −0.65, துணை ரெக்ரஷன் போட்டா d1 சுமார் 1.81 வரும். −0.65-ஐ 1.81-ஆல பெருக்கினா −1.18. அதை −1.10-ஓட கூட்டுங்க, −2.28. நீங்க தேடின மீதி அந்த −1.18 தாங்க.

R-ல பார்க்கணும்னா இவ்ளோ போதும்:

```r
library(AER)
data("CASchools")
d <- CASchools
d$ratio <- d$students / d$teachers
d$score <- (d$read + d$math) / 2
coef(lm(score ~ ratio, data = d))
coef(lm(score ~ ratio + english, data = d))
coef(lm(english ~ ratio, data = d))
```

அந்த −1.18-க்கு என்ன அர்த்தம்னா, ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளை கூட இருக்கற டிஸ்ட்ரிக்ட்ல இங்கிலீஷ் கத்துக்கற பிள்ளைங்களும் சராசரியா 1.81 பர்சன்டேஜ் பாயின்ட் கூட இருக்காங்க, அப்படி ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஸ்கோர் 0.65 குறையுது. சிறுசு ரெக்ரஷனுக்கு Z-ன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, அதனால அந்தக் குறைச்சலையும் சேர்த்து கிளாஸ் சைஸ் தலைல கட்டிடுச்சு.

இங்க ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்கறாங்க. X-க்கும் Z-க்கும் கோரிலேஷன் 0.19 தான், ரொம்ப கம்மி, அதனால பயஸும் கம்மியா தான் இருக்கும்னு எழுதிடுவாங்க. ஃபார்முலால கோரிலேஷன் எங்க இருக்கு? ஸ்லோப் தான இருக்கு. Z நிறைய பரவியிருக்கு, அதோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 18-க்கு மேல, X-க்கோ 1.9 தான். 0.19-ஐ அந்த விகிதத்தால பெருக்கினா தான் 1.81 கிட்ட வரும். இன்னொரு கூட்டம் துணை ரெக்ரஷனைத் திருப்பிப் போடும், X-ஐ Z மேல. அப்ப ஸ்லோப் 0.019 தான் வரும், சைன் என்னவோ சரியா இருக்கும், ஆனா b2-வோட பெருக்கினா −0.01 தான் கிடைக்கும், −1.18 எங்க −0.01 எங்க. விட்டுப்போனது இடது பக்கம், உள்ள இருக்கறது வலது பக்கம், இதை மட்டும் மாத்தாதீங்க.

இதுவரைக்கும் சொன்னது சாம்பிளுக்குள்ள நடக்கற கூட்டல் கழித்தல், இதுல பயஸ்ங்கற பேச்சே வரல. அது எப்ப வரும்னா, உலகத்துல உண்மையா நடக்கறது Y = β0 + β1·X + β2·Z + u, X-ம் Z-ம் என்னவா இருந்தாலும் u-வோட சராசரி பூஜ்யம்னு நம்பினா, அப்ப வரும். அதே மாதிரி போட்டுப் பாருங்க, இந்த தடவை e-க்கு பதிலா u, அது சாம்பிள்ல சரியா பூஜ்யம் ஆகாது, எக்ஸ்பெக்டேஷன் எடுத்தா தான் போகும்:

```
E(a1) = β1 + β2·d1
பயஸ்  = β2·d1
```

(X-ம் Z-ம் கையில இருக்கறபடியே நிலையா இருக்குன்னு வெச்சு எடுத்த எக்ஸ்பெக்டேஷன் இது.) இதுல n எங்கயும் இல்ல பாத்தீங்களா. 420-க்கு பதிலா 4 லட்சம் டிஸ்ட்ரிக்ட் இருந்தாலும் d1 ஒரு எண்ணுல போய் நிக்குமே தவிர பூஜ்யத்தை நோக்கிப் போகாது. ஸ்டாண்டர்ட் எரர் மட்டும் சுருங்கி, தப்பான எண்ணை இன்னும் தைரியமா சொல்லும். ரெண்டுல ஒண்ணு பூஜ்யமா இருந்தா தான் பயஸ் இல்ல: ஒண்ணு Z-க்கு ஸ்கோர் மேல தாக்கம் இருக்கக் கூடாது, இல்லன்னா X-ஓட Z சேர்ந்து நகரக் கூடாது. பரீட்சைல முக்கால்வாசி பேர் ரெண்டாவதை மட்டும் எழுதிட்டு வந்துடறாங்க.

இப்ப உங்க டவுன்வர்ட் சண்டைக்கு வர்றேன். பயஸோட திசைன்னா β2 சைனையும் d1 சைனையும் பெருக்கறது, அவ்வளவே. ரெண்டும் ஒரே சைன்னா ப்ளஸ், வேற வேற சைன்னா மைனஸ். உங்களுக்கு β2 மைனஸ், d1 ப்ளஸ், அதனால பயஸ் மைனஸ். மைனஸ்னா நம்பர் லைன்ல இடது பக்கம் தள்ளுது, −1.10 கிட்ட இருக்க வேண்டியதை −2.28-க்கு இழுத்துட்டுப் போயிடுச்சு. இடது பக்கம் போறது டவுன்வர்ட், ஸ்லைடு சரி தான். ஆனா உங்க கண்ணுக்கு 2.28 பெருசா தெரியுதே, அதுவும் சரி தான், ஏன்னா நீங்க பார்க்கறது சைனை எடுத்துட்டு மிச்சம் இருக்கற அளவை. உண்மையான β1 மைனஸா இருக்கும்போது மைனஸ் பயஸ் வந்தா தாக்கம் பெருசா தெரியும். படிப்பு கூடினா சம்பளம் எவ்ளோ கூடும்னு பார்க்கற ரெக்ரஷன்ல திறமையை விட்டுடறாங்கன்னு வெச்சுப்போம், திறமை சம்பளத்தை ஏத்தும், திறமை உள்ளவங்க கூட வருஷம் படிக்கவும் செய்வாங்க, β2 ப்ளஸ், d1 ப்ளஸ், பயஸ் ப்ளஸ், அங்க β1-ம் ப்ளஸ், அங்கயும் தாக்கம் பெருசா தான் தெரியும், ஆனா பேர் அப்வர்ட். இந்த டவுன்வர்ட் அப்வர்டை வெறுமனே எழுதி விட்டுடற வழக்கமே எனக்குப் பிடிக்காது. "பயஸ் மைனஸ், அதனால கிளாஸ் சைஸோட பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டுது"ன்னு ஒரே வரில எழுதுங்க, திருத்தறவங்களுக்கும் குழப்பம் இருக்காது.

β1-ம் பயஸும் எதிர் சைனா இருந்தா தான் வம்பு. சின்ன பயஸ்னா தாக்கம் குறைச்சலா தெரியும், பெரிய பயஸ்னா சைனே மாறிடும், ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ தாக்கமே இல்லன்னு பூஜ்யம் காட்டும். அதனால சிறுசு ரெக்ரஷன்ல ஒண்ணும் வரலன்னா உடனே தாக்கம் இல்லன்னு எழுதிடாதீங்க.

சரி, அப்ப −1.10 தான் உண்மையான்னு கேப்பீங்க. அந்த டேட்டாலயே lunch-ன்னு ஒரு வேரியபிள் இருக்கும், விலை குறைச்ச மதிய சாப்பாட்டுக்குத் தகுதியான பிள்ளைங்க பர்சன்ட், வறுமைக்கு அடையாளமா எடுத்துக்கறது. ரன் பண்றதுக்கு முன்னாடி திசையை யூகிங்க: வறுமை ஸ்கோரைக் குறைக்கும், மைனஸ், ஏழை டிஸ்ட்ரிக்ட்ல கிளாஸ் பெருசா இருக்கும்னு வெச்சா d1 ப்ளஸ், அப்ப இன்னும் கொஞ்சம் மைனஸ் பயஸ் மிச்சம் இருக்கணும். ஒரு எச்சரிக்கை, இப்ப Z ஏற்கனவே உள்ள இருக்கு, அதனால துணை ரெக்ரஷன்ல lunch-ஐ X, Z ரெண்டு மேலயும் சேர்த்துப் போட்டு X-ஓட ஸ்லோப்பைத் தான் எடுக்கணும். X-ஐயும் lunch-ஐயும் மட்டும் தனியா வெச்சுப் பார்த்து சைன் சொன்னா தப்பாப் போக வாய்ப்பு இருக்கு, ரெண்டே வேரியபிள் இருந்தப்ப இருந்த சுலபம் இங்க கிடையாது.

சேர்த்துப் பார்த்தா கிளாஸ் சைஸ் −1.10-லேர்ந்து −1.00-க்கு தான் நகருது, யூகிச்ச பக்கமே, ஆனா கொஞ்சூண்டு. இங்கிலீஷ் பர்சன்ட்டோட கோஎஃபிஷியன்ட்டைப் பாருங்க, −0.65-லேர்ந்து −0.12-க்கு வந்துடுச்சு. உங்க கிளாஸ் சைஸை வெச்சு நாம போட்ட அதே கணக்கை Z-க்கும் போட்டா, lunch-ஓட கோஎஃபிஷியன்ட் சுமார் −0.55, காணாம போன −0.53-ஐ அதால வகுத்தா துணை ஸ்லோப் ஒண்ணுக்குக் கொஞ்சம் கீழ. அசைன்மென்ட்ல −0.65-ஐ "மொழி தெரியாததோட பாதிப்பு"ன்னு எழுதியிருந்தீங்கன்னா அந்த வரியை அடிச்சிடுங்க, அதுல பெரும்பங்கு வறுமையோடது.