வால் ஆபத்தும் பார்பெல் முறையும்

வால் ஆபத்து என்றால் என்ன? பார்பெல் முறை அதிலிருந்து காப்பாற்றுமா?

அரிதாகவே வரும், வந்தால் போட்ட முதலீட்டையே விழுங்கும் இழப்புதான் வால் ஆபத்து. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6% சரிந்தது. வழக்கமான ஏற்ற இறக்கத்தை வைத்துப் போட்ட கணக்கில் அப்படியொரு நாளுக்கு இடமே இல்லை.

பார்பெல் முறையில் ரூ.10 லட்சத்தில் 9 லட்சம் குறுகிய கால அரசுப் பத்திரத்துக்கும், 1 லட்சம் பலித்தால் பெரிய லாபம் தரும் பல சிறு பந்தயங்களுக்கும் போகும். நெல்லைக் குதிரில் பூட்டிவிட்டு, ஒரு படி விதையில் மட்டும் புதுப் பயிரைச் சோதிப்பது போல. அந்த 1 லட்சம் முழுதும் போனாலும், 6% வட்டியில் 54,000 வருவதால் ஆண்டு இழப்பு 46,000தான்.

குறை இங்கேதான். பந்தயம் பலிக்காமல் ஆண்டுதோறும் அந்த 1 லட்சத்தை நிரப்பிக்கொண்டே இருந்தால் பணம் சொட்டுச் சொட்டாக வடியும். 9 லட்சத்தின் வட்டியைப் பணவீக்கமே தின்றுவிடலாம்.

அதிக வட்டி தரும் நிறுவன டெபாசிட்டையும் 'பாதுகாப்பான பக்கம்' என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனம் நொடித்தால் அதுவே வால் ஆபத்து.