2,000 டாலரில் 35 டாலர் எங்கே போனது?

"அமெரிக்காவில் படிக்கும் மகளுக்கு வங்கி வழியாக 2,000 டாலர் அனுப்பினேன். கட்டணம் 1,000 ரூபாய்தான் என்றார்கள். அவள் கையில் 1,965 டாலர்தான் இருக்கிறது. யார் எடுத்தது?"

இரண்டு பேர் எடுத்திருப்பார்கள். ஆனால் உங்களுக்கான பெரிய செலவு அந்த 35 டாலருக்கு முன்பே, நம்மூர்க் கிளையிலேயே ஆரம்பித்துவிட்டது.

கணக்குப் பார்க்க வசதியாக, அன்றைய சந்தை விலை டாலருக்கு 90 ரூபாய் என்றும் வங்கி உங்களுக்கு விற்ற விலை 91.50 என்றும் வைத்துக்கொள்வோம். 2,000 டாலருக்கு 1,83,000 ரூபாய். சந்தை விலையைவிட இதில் 3,000 ரூபாய் கூடுதல். ரசீதில் இந்த 3,000 'கட்டணம்' என்ற வரியில் வராது, விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அடுத்தது அவர்கள் சொன்ன 1,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 1,180. நாணயம் மாற்றியதற்குத் தனியாக ஒரு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை இருந்தால், 1,000 ரூபாயோடு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதம் சேர்த்து, அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். இங்கே அது 254.70. ஆக உங்கள் கணக்கிலிருந்து போனது 1,84,434.70 ரூபாய்.

மகளிடம் இருக்கும் 1,965 டாலருக்குச் சந்தை மதிப்பு 1,76,850. வித்தியாசம் 7,584.70 ரூபாய், அதாவது நீங்கள் கொடுத்ததில் 4.1 சதவீதம். உங்களிடம் சொன்ன 1,000 ரூபாய் அரை சதவீதம்தான். வங்கியும் பிழைக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். லாபம் வைப்பதைத் தப்பென்று நான் சொல்லவில்லை, அதைக் கட்டணம் என்று சொல்லாமல் விடுவதைத்தான் சொல்கிறேன்.

இனி அந்த 35 டாலர். நம்மூர் வங்கிக்கும் மகளுடைய வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால், பணம் இடையில் ஒரு வங்கி வழியாகப் போகும். அனுப்பும்போது படிவத்தில் SHA, அதாவது கட்டணத்தை அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்வது என்று குறித்திருந்தால், இடைவங்கி தன் கூலியை உங்கள் தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும். நீங்கள் எதையும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் SHA என்றுதான் போடுவார்கள். மகளின் வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வரவு வரியில் 1,980 என்று இருந்து, கீழே தனியாக 15 டாலர் 'incoming wire fee' என்று இருந்தால், இடைவங்கி எடுத்தது 20, அவளுடைய வங்கி எடுத்தது 15. உறுதி செய்ய, வங்கிகளுக்கிடையே போன செய்தியின் நகலான 'ஸ்விஃப்ட் காப்பி'யைக் கிளையில் கேளுங்கள். பழைய வடிவில் 71A என்ற இடத்தில் OUR, SHA, BEN இவற்றில் ஒன்று இருக்கும். OUR என்றால் கட்டணம் அனுப்புபவருக்கு, BEN என்றால் பெறுபவருக்கு. புதிய வடிவில் அதே மூன்றும் DEBT, SHAR, CRED என்று வரும். அந்தக் காப்பியில் UETR என்ற நீளமான எண்ணும் இருக்கும். அதை வைத்து, எந்த வங்கியில் எவ்வளவு குறைந்தது என்று தேடித் தரச் சொல்லலாம்.

OUR என்று குறித்தால் இடைவங்கிக் கூலியை நீங்களே இங்கே ரூபாயில் கட்டிவிடுவீர்கள். ஆனாலும் அமெரிக்க வங்கிகள் பல, உள்வரும் பணத்துக்கான தங்கள் கட்டணத்தைத் தனியாக எடுக்கத்தான் செய்யும். அந்த 15 டாலரை OUR காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். OUR போட வங்கி கேட்கும் கூடுதல் தொகை 1,800 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் லாபம். கல்லூரிக் கட்டணம் என்றால் அதைவிடக் கூடுதலானாலும் OUR போடுங்கள். 20 டாலர் குறைந்தாலும் பாக்கி என்றே காட்டுவார்கள்.

இந்த 35 டாலர் அனுப்பும் தொகையைப் பார்த்து மாறுவதில்லை. 500 டாலர் அனுப்பினால் அது 7 சதவீதம், 5,000 அனுப்பினால் 0.7 சதவீதம். அதனால் மாதாமாதம் அனுப்புவதைவிட மூன்று மாதச் செலவைச் சேர்த்து அனுப்புவது மேல். விலையில் ஒளிந்த அந்த 3,000 மட்டும் தொகையோடு சேர்ந்து ஏறும். அதைக் குறைக்க ஒரு வழி, எல்லோருக்கும் பொதுவாகப் போடும் 'கார்டு ரேட்' வேண்டாம், எனக்கென்று பேசித் தரும் 'டீல் ரேட்' வாங்கித் தாருங்கள் என்று கிளையில் கேட்பது. கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டி.சி.எஸ்.ஸை இந்தக் கட்டணங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் தாண்டினால்தான் அது வரும். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வெளியே பணம் அனுப்புகிறவருக்கு, பணம் கட்டுவதற்கு முன்பே மாற்று விலை, கட்டணம், பெறுபவர் கையில் சேரும் தொகை மூன்றையும் காட்ட வேண்டும் என்று 2013 முதல் அங்கே விதி இருக்கிறது. இங்கே 'ஜீரோ கமிஷன்' என்று பலகை வைத்துவிட்டு, விலையில் இரண்டு ரூபாய் ஏற்றி விற்கிறார்கள். அதையும் சலுகை என்று நம்பித்தான் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த முறை கிளையில் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். "2,000 டாலர் அவள் கணக்கில் விழ, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகும்?" என்று கேட்டு, அந்த ஒரு எண்ணை எழுதி வாங்குங்கள். அதே நேரத்தில் இன்னொரு இடத்திலும் கேளுங்கள். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம் என்று கேட்டால் விலையே மாறியிருக்கும், ஒப்பிட முடியாது.