ஒரு டன் கம்பிக்கு எத்தனை கிலோ கட்டுக்கம்பி, எத்தனை கவர் பிளாக்?

மேஸ்திரி டன்னுக்கு 12 கிலோ பைண்டிங் வயர் கேட்கிறார். கடைக்காரர் 8 போதும் என்கிறார். யார் சொல்வது சரி சார்?

எந்தக் கம்பி என்று இரண்டு பேருமே சொல்லவில்லை பாருங்கள். உங்களுடையது 8 எம்எம் ஸ்லாப் என்றால் மேஸ்திரி பக்கம்தான் நியாயம். 8 எம்எம் கம்பியை 15 செ.மீ. இடைவெளியில் இரு பக்கமும் ஓட்டினால் சதுர மீட்டருக்கு 5.3 கிலோதான் பிடிக்கும். அப்படியானால் ஒரு டன் 190 சதுர மீட்டர் வரை பரவும், கம்பிகள் குறுக்கிடும் இடம் 8,400 வரும். 18 கேஜ் வயர் மீட்டருக்கு 9 கிராம் சொச்சம். மடித்துக் கட்ட முடிச்சுக்கு 30 செ.மீ. போகும். ஒன்றுவிட்டு ஒன்று கட்டினாலே பதினொன்றரை கிலோ, தரையில் விழும் துண்டு தனி. அதே இடைவெளியில் 12 எம்எம் கம்பி என்றால் ஒரு டன் 85 சதுர மீட்டரோடு முடிந்துவிடும். ஆறு, ஏழு கிலோ வயர் போதும். கடைக்காரரின் 8 கிலோ, எல்லா சைஸும் கலந்த கணக்கு.

எல்லா இடத்திலும் கட்டினால் ஸ்லாப் இன்னும் பலமாகுமே?

வயர் பாரம் தாங்காது. கான்கிரீட் விழும்போது கம்பி நகராமல் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஓரத்து இரண்டு வரிசையை முழுக்கக் கட்டுங்கள், நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். தூண் ரிங்கில் மட்டும் மூலைகளை விடக்கூடாது. சில இன்ஜினியர்கள் ஸ்லாபிலும் அத்தனையும் கட்டச் சொல்வார்கள். அப்படியானால் 8 எம்எம்முக்கு டன்னுக்கு 23 கிலோ ஆகும். அது அவரோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

நான் கம்பி கட்டுகிறவன் அண்ணா. 20 கேஜ் வாங்கினால் கிலோவுக்கு நீளம் கூட வருதே, லாபம்தானே?

நீளம் முக்கால் பங்கு கூட வரும், உண்மைதான் தம்பி. 8 எம்எம்மில் ஓடிவிடும். 16 எம்எம் பீமில் கொக்கியால் இறுக்கும்போது பட்டென்று அறும், மறுபடி கட்டுவாய். லாபம் அதிலேயே போய்விடும்.

கவர் பிளாக் டன்னுக்கு 100 என்று வாங்கிவிட்டேன். போதுமா?

அதுவும் பரப்பைப் பொறுத்ததுதான். 12 எம்எம் கம்பியை மீட்டருக்கு ஒரு பிளாக் வைத்தால் தாங்கும், 85 பிளாக் ஆகும், உங்கள் 100 சரி. 8 எம்எம் கம்பி, ஆள் மிதித்தால் வளைந்துவிடும். 75 செ.மீ.க்கு ஒன்று வேண்டும், டன்னுக்கு 340. கான்கிரீட் போடும் முன் இரண்டு பிளாக்குக்கு நடுவில் மிதித்துப் பாருங்கள். கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொட்டால் அங்கே இன்னொன்று வையுங்கள்.

எங்கள் ஸ்லாபில் மேல் கம்பி தொங்குது. தூணுக்கு வாங்கின 40 எம்எம் பிளாக்கைக் கொடுக்கலாமா சார்?

வேண்டாம். 12.5 செ.மீ. ஸ்லாபில் மேல் கம்பிக்கு அந்த உயரம் எட்டாது. துண்டுக் கம்பியை நாற்காலி போல வளைத்து ‘சேர்’ செய்து, கீழ்க்கம்பி மேல் நிறுத்துங்கள். அந்தச் சேர் கம்பியையும் டன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.